ஸ்கேன் செய்த z அட்டவணையைப் படிப்பது எப்படி? இயல்நிலைப் பரவல் கேள்விகளும் பதில்களும்

பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கை வைத்துக்கொள்வோம். 500 மில்லி என்று அச்சிட்ட பாக்கெட்டில் பால் நிரப்பும் ஓர் இயந்திரம். அது நிரப்பும் அளவு இயல்நிலைப் பரவலில் இருக்கிறது; சராசரி 503.5 மில்லி, திட்ட விலக்கம் 2.7 மில்லி. எண்கள் கணக்குக்காக வைத்தவைதான். ஆனால் அட்டவணையில் சிக்கலான ஓர் இடத்தில் போய் விழும்படி பார்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

ஸ்கேன்ல மேலே இருக்கிற வளைவரைப் படம் வெட்டுப்பட்டிருக்கு. இது எந்த வகை அட்டவணைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

z = 1.00 இருக்கும் கட்டத்தைப் பாருங்கள். அங்கே .3413 என்றிருந்தால், நடுக்கோட்டிலிருந்து z வரை உள்ள பரப்பைத் தரும் அட்டவணை அது. தமிழ்நாட்டுப் பள்ளி, கல்லூரிப் புத்தகங்களில் அதிகம் கண்ணில் படுவது இதுதான். .8413 என்றிருந்தால், இடக்கோடியிலிருந்து z வரை சேர்த்துக்கொண்டே வரும் குவிவு அட்டவணை. .1587 என்றிருந்தால், z-க்கு வலப்புறம் மிஞ்சும் வால்பகுதி.

1.00 இருக்கும் பக்கமே கையில் இல்லையென்றால் 1.96-ஐப் பாருங்கள். அதே வரிசையில் .4750, .9750, .0250 என்று வரும்.

முதல் கட்டத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். குவிவு அட்டவணையும் வால்பகுதி அட்டவணையும் இரண்டுமே .5000-இல்தான் தொடங்கும். அடுத்த கட்டம் .5040 என்று ஏறுகிறதா, .4960 என்று இறங்குகிறதா என்பதில்தான் வேறுபாடு தெரியும்.

பழைய புத்தகங்களின் ஸ்கேனில் இன்னொரு பொறியும் உண்டு. 1.00-க்கு நேரே .8427 என்றிருந்தால் அது z அட்டவணையே இல்லை, பிழைச்சார்பு அட்டவணை. 1799-இல் கிறிஸ்டியன் கிராம்ப் வெளியிட்ட அட்டவணையும் z-க்கானது அல்ல. e-இன் அடுக்கு −t² என்ற சார்பின் தொகையீட்டுக்கானது. அந்த மரபில் வந்த அட்டவணைகள் பின்னாளிலும் நிறைய அச்சாகியிருக்கின்றன. .8413, .8427 இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ஆனால் பிழைச்சார்பு 0-இல் .0000 என்று தொடங்கும், குவிவு அட்டவணை .5000 என்று தொடங்கும். அதை வைத்துப் பிரித்துவிடலாம்.

இனி வரும் பதில்களில், வேறு வகை என்று சொல்லாத இடங்களில், .3413 வகையைத்தான் பயன்படுத்துகிறேன்.

500 மில்லிக்குக் குறைவா வர்ற பாக்கெட் எத்தனை சதவீதம்? z கணக்குப் போட்டா −1.2963னு வருது. அட்டவணையில ரெண்டு தசம இடம்தானே இருக்கு?

சரி, கணக்கு சரியாகத்தான் வந்திருக்கிறது. (500 − 503.5) ÷ 2.7 = −1.2963. வளைவரை இருபுறமும் சமச்சீரானது என்பதால் குறியை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு 1.2963-ஐத் தேடலாம். தேவையான இரண்டு நிரைகள் இவை:

```
 z    .00   .01   .02   .03   .04   .05   .06   .07   .08   .09
1.2  .3849 .3869 .3888 .3907 .3925 .3944 .3962 .3980 .3997 .4015
1.3  .4032 .4049 .4066 .4082 .4099 .4115 .4131 .4147 .4162 .4177
```

இடது ஓரத்தில் இருப்பது z-இன் முழு எண்ணும் முதல் தசம இடமும். இரண்டாம் தசம இடம் மேலே, நிரலின் தலையில் இருக்கிறது. 1.2963 என்பது 1.29-க்கும் 1.30-க்கும் நடுவே வருகிறது. 1.29 என்பது 1.2 நிரையின் கடைசிக் கட்டம், .4015. 1.30 எங்கே? அடுத்த நிரையின் முதல் கட்டம், .4032. அதாவது வலது ஓரத்திலிருந்து ஒரு வரி கீழே இறங்கி, இடது ஓரத்துக்குப் போக வேண்டும்.

தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். அடுத்த மதிப்பு வேண்டும் என்றதும் கண் அதே நிரலில் நேரே கீழே இறங்கி .4177-ஐ எடுத்துவிடும். அது 1.39-க்கான பரப்பு. இரண்டு மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தாலே தவறு பிடிபடும். இந்தப் பகுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் 17, 18 என்ற அளவில்தான் வேறுபடுகின்றன (கடைசி இலக்கத்தில் எண்ணினால்). உங்களுக்கு 162 என்று வந்தால் எங்கோ தாவிவிட்டீர்கள்.

இப்போது இடைச்செருகல். 1.29-இலிருந்து 1.30 வரை போகும் 0.01 தூரத்தில் நாம் 0.0063 வந்திருக்கிறோம், அதாவது நூற்றுக்கு 63 பங்கு. பரப்பும் அதே விகிதத்தில் ஏறும் என்று வைத்துக்கொள்கிறோம். .4032 − .4015 = .0017. அதில் 0.63 பங்கு .0011. ஆக .4015 + .0011 = .4026.

நமக்கு வேண்டியது இடது வால், எனவே .5000 − .4026 = .0974. ஆயிரம் பாக்கெட்டில் ஏறத்தாழ 97 பாக்கெட் அளவு குறைவாக வரும்.

இவ்வளவு பாடு எதுக்கு? 1.30னு முழுமையாக்கிட்டா ஆகாதா?

இந்தக் கேள்விக்கு ஆகும். 1.30-க்கு விடை .0968. பத்தாயிரம் பாக்கெட்டுக்கு 974 என்பதற்குப் பதில் 968 என்று வரும். சராசரியும் திட்ட விலக்கமும் சில நூறு பாக்கெட்டுகளை எடை போட்டுக் கிடைத்தவை என்றால், அவற்றில் உள்ள நிச்சயமின்மை இந்த ஆறு பாக்கெட்டைவிட எவ்வளவோ பெரியது. நடைமுறை வேலைக்கு முழுமையாக்கினால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

இடைச்செருகல் தேவைப்படுவது, விடையை நான்கு தசம இடத்துக்குத் திருத்தமாகக் கேட்கும்போதும், தலைகீழாக, பரப்பிலிருந்து z தேடும்போதும்தான். தேர்வில் முழுமையாக்கச் சொல்லியிருந்தால் அதன்படியே செய்யுங்கள். விடைத்தாளில் .0968 இருக்கும்போது உங்கள் .0974 தவறு என்று ஆகிவிடக் கூடாது.

என்கிட்ட இருக்கிற ஸ்கேன்ல எதிர்க்குறி z தனிப்பக்கமா இருக்கு. அதுல எப்படிப் படிக்கிறது?

அது குவிவு அட்டவணையின் முதல் பக்கம். அங்கே இரண்டு விஷயங்கள் தலைகீழாக இருக்கும். முதலாவது, −1.2 நிரையில் .09 நிரல் என்றால் −1.29, −1.11 அல்ல. நிரலின் எண்ணைக் குறியைப் பார்க்காமல் ஒட்டவைக்க வேண்டும், கூட்டக் கூடாது. அதனால் வலப்புறம் போகப் போகப் பரப்பு குறையும்: .1151, .1131, .1112 என்று இறங்கி, .09 நிரலில் .0985.

இரண்டாவது, இந்தப் பக்கம் வழக்கமாக −3.4-இல் தொடங்கிக் கீழே 0.0 வரை வரும். ஆகவே −1.29-க்கு அடுத்ததான −1.30, ஒரு வரி மேலே இருக்கும். −1.3 நிரையின் .00 நிரலில் .0968 என்று காண்பீர்கள். நம் கணக்குக்கு .0985 − .0968 = .0017, அதில் 0.63 பங்கு .0011, இங்கே பரப்பு குறைகிறது என்பதால் கழிக்க வேண்டும். .0985 − .0011 = .0974. அதே விடை.

கூட்டுவதா கழிப்பதா என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. விடை, நீங்கள் எடுத்த இரண்டு கட்டங்களுக்கும் நடுவே விழ வேண்டும். விழவில்லையென்றால் குறி மாறிவிட்டது.

வலது ஓரத்துல 1 முதல் 9 வரை சின்னச் சின்ன எண்கள் தனியா இருக்கு. அது என்ன?

மடக்கை அட்டவணையில் பார்த்திருப்பீர்களே, அதே சராசரி வேறுபாட்டு நிரல்கள்தான். இடைச்செருகலை உங்களுக்காக முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறார்கள். மூன்றாம் தசம இடத்தின் நிரலைப் பார்த்து, அங்கே உள்ள எண்ணைக் கடைசி இலக்கத்தோடு கூட்ட வேண்டும். வால்பகுதி அட்டவணையாக இருந்தால் கழிக்க வேண்டும்.

ஆனால் ஒரு நிரை முழுவதற்கும் ஒரே சராசரியைத்தான் போட்டிருப்பார்கள். 1.0 நிரையில் அடுத்தடுத்த கட்டங்களின் வேறுபாடு தொடக்கத்தில் 24 அளவில் இருந்து, முடிவில் 22-க்கு இறங்கிவிடுகிறது. அதனால் கடைசி இலக்கத்தில் ஒன்று முன்னே பின்னே வரலாம். ஸ்கேனில் இந்தச் சின்ன எண்கள்தான் முதலில் மங்கிப்போகும். படிக்க முடியவில்லையென்றால் விட்டுவிட்டு நேராகவே இடைச்செருகல் செய்யுங்கள். இன்னும் திருத்தமாகவே கிடைக்கும்.

மங்கலான ஸ்கேன்ல 1-ஆ 7-ஆ, 3-ஆ 8-ஆன்னு தெரியல. ஊகிக்கிறதைத் தவிர வழி உண்டா?

உண்டு. பக்கத்துக் கட்டங்களின் வேறுபாடுகளை எழுதிப் பாருங்கள். 1.2 நிரையில் அவை 20, 19, 19, 18, 19, 18, 18, 17, 18 என்று வருகின்றன. மெதுவாக இறங்குகின்றன, முழுமையாக்கியதால் ஒன்று கூடக் குறைய ஆடுகின்றன, அவ்வளவுதான். இப்போது .3907-ஐ .3901 என்று படித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். .3888-இலிருந்து அதற்கு 13, அதிலிருந்து .3925-க்கு 24. ஒரு பக்கம் பள்ளம், மறு பக்கம் மேடு. ஒற்றை எண்ணைத் தவறாகப் படித்திருந்தால் எப்போதும் இப்படித்தான் ஜோடியாகக் காட்டிக்கொடுக்கும்.

அந்தப் பகுதியில் வேறுபாடு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளலாம். ஒரு கட்டம் என்பது 0.01 அகலமுள்ள ஒரு மெல்லிய பட்டை. அதன் பரப்பு, வளைவரையின் உயரத்தில் நூறில் ஒரு பங்கு. உயரம் z = 0-இல் .3989, எனவே அங்கே வேறுபாடு 40. z = 1-இல் 24. z = 2-இல் 5 அல்லது 6. இந்த மூன்றையும் நினைவில் வைத்தால் போதும், இடையில் உள்ளவை தானாகப் பிடிபடும்.

ஸ்கேனை எழுத்துணரி மென்பொருளில் ஓட்டி எண்களாக எடுத்திருந்தால், ஒவ்வொரு நிரையிலும் பத்து மதிப்புகள் இருக்கின்றனவா என்று எண்ணிவிடுங்கள். கறை படிந்த ஒரு கட்டத்தை அது விட்டுவிட்டால், அதற்கு வலப்புறம் இருப்பவை எல்லாம் ஒரு இடம் இடப்பக்கம் நகர்ந்துவிடும். ஒவ்வொரு எண்ணும் தனித்தனியே சரியாக இருக்கும், இருக்கும் இடம்தான் தவறு. கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

புத்தக மடிப்பு நிழல்ல பாதி நிரல்கள் போயிடுச்சு. முதல் நிரலை மட்டும் வச்சு, ரெண்டு நிரைக்கு நடுவுல இடைச்செருகல் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் திருத்தம் குறையும். 1.25 வேண்டும் என்று வையுங்கள். 1.20-க்கு .3849, 1.30-க்கு .4032. சரிபாதி என்பதால் விடை .39405 என்று வரும். உண்மையான மதிப்பு .3944. மூன்றாவது தசம இடம்வரை பரவாயில்லை, நான்காவது கெட்டுவிட்டது.

காரணம், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நாம் நேர்கோடு போடுகிறோம், பரப்போ வளைந்து போகிறது. z நேர்க்குறியாக இருக்கும்போது பரப்பின் வளைவு நேர்கோட்டுக்கு மேலே இருக்கும். ஆகவே 0-இலிருந்து z வரை உள்ள பரப்பாக நீங்கள் கணக்கிடுவது உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். இந்தக் குறைவு மிக அதிகமாக இருப்பது z = 1-ஐ ஒட்டி; அங்கேகூட .0003-தான். இடைவெளியைப் பத்தில் ஒன்றாக்கினால் பிழை நூறில் ஒன்றாகும். அதனால்தான் 0.01 இடைவெளியில் இடைச்செருகும்போது இந்த வளைவைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை: பிழை .000003-ஐத் தாண்டாது.

எனவே எந்தக் கட்டங்கள் தப்பியிருக்கின்றனவோ அவற்றில் மிக நெருக்கமான இரண்டை எடுங்கள். .00, .01, .02, .03 நிரல்கள் தெரிகின்றன என்றால், 1.25-க்கு 1.23-ஐயும் 1.30-ஐயும் எடுப்பது மேல். .3907-இலிருந்து .4032 வரை 125. ஏழு பங்கு தூரத்தில் இரண்டு பங்கு, அதாவது 36. .3943 கிடைக்கிறது. ஒரே இலக்கம்தான் குறைவு.

நூற்றுமானம் கேட்டா எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

அட்டவணையின் வயிற்றிலிருந்து. இதுவரை ஓரங்களில் z-ஐப் பார்த்து உள்ளே பரப்பை எடுத்தோம். இப்போது உள்ளே பரப்பைத் தேடி ஓரங்களுக்கு வர வேண்டும்.

90-ஆவது நூற்றுமானத்துக்கு இடப்புறம் .9000. நம் அட்டவணை நடுவிலிருந்து எண்ணுவதால் பாதியைக் கழித்து .4000-ஐத் தேடுகிறோம். மேலே கொடுத்த நிரையில் .3997 (1.28), .4015 (1.29) இரண்டுக்கும் நடுவே அது விழுகிறது. 18-இல் 3 பங்கு, அதாவது 0.17. எனவே z = 1.2817. மில்லியாக மாற்ற 503.5 + 1.2817 × 2.7 = 506.96. நூற்றுக்குத் தொண்ணூறு பாக்கெட் இந்த அளவுக்குக் கீழே இருக்கும்.

ஆனால் 1.2817-இன் கடைசி 7-ஐ நம்பாதீர்கள். 90-ஆவது நூற்றுமானத்தின் z, நான்கு இடத்துக்கு 1.2816. .3997 என்பதும் .4015 என்பதும் ஏற்கெனவே முழுமையாக்கிய எண்கள். மேலே வரும் 3 என்பது உண்மையில் 2.5-இலிருந்து 3.5 வரை எதுவாகவும் இருக்கலாம். அதனால் நான்கு இலக்க அட்டவணையிலிருந்து, இந்தப் பகுதியில், z-இன் மூன்று தசம இடங்களைத்தான் நம்பி எடுக்க முடியும்.

தொழிற்சாலைக்காரர் உண்மையில் கேட்பது வேறு கேள்வியாக இருக்கும்: “அளவு குறைந்த பாக்கெட் நூற்றுக்கு 2-க்கு மேல் போகக் கூடாது, சராசரியை எங்கே வைப்பது?” இதுவும் நூற்றுமானம்தான். இடது வால் .0200 என்றால் நடுவிலிருந்து .4800. அட்டவணையில் 2.05-க்கு .4798, 2.06-க்கு .4803. ஐந்தில் இரண்டு பங்கு, z = 2.054. திட்ட விலக்கம் 2.7-ஆகவே இருந்தால் சராசரி 500 + 2.054 × 2.7 = 505.55 மில்லி. ஒவ்வொரு பாக்கெட்டிலும் சராசரியாக இரண்டு மில்லிக்கு மேல் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கும். அதைவிடத் திட்ட விலக்கத்தைக் குறைப்பது லாபமா என்று அவர் அடுத்து யோசிப்பார்.

30-ஆவது நூற்றுமானம் மாதிரி 50-க்குக் கீழே கேட்டா?

நடுக்கோட்டுக்கு இடப்புறம் போகிறோம், அவ்வளவுதான். .5000 − .3000 = .2000-ஐத் தேடுங்கள். 0.52-க்கு .1985, 0.53-க்கு .2019, 34-இல் 15 பங்கு, எனவே 0.5244. குறி எதிர்மறை: z = −0.5244. அளவு 503.5 − 1.42 = 502.08 மில்லி. விடை சராசரியைவிடக் கூடுதலாக வந்தால் குறியை மறந்துவிட்டீர்கள் என்று பொருள்.

99.9-ஆவது நூற்றுமானத்துக்கு .4990 தேடினேன். மூணு இடத்துல இருக்கு. எதை எடுக்கிறது?

எதையும் தைரியமாக எடுக்க முடியாது. 3.08, 3.09, 3.10 மூன்றுக்குமே நான்கு இலக்கத்தில் .4990-தான். இங்கே வளைவரை அவ்வளவு தாழ்ந்துவிட்டது. ஒரு கட்டத்துக்கு ஒரு இலக்கம்கூட ஏறுவதில்லை. இடைச்செருகல் இங்கே பயன்படாது, ஏனென்றால் செருகுவதற்கு வேறுபாடே இல்லை. உண்மையான மதிப்பு 3.0902. அதை நான்கு இலக்க அட்டவணையிலிருந்து கறக்க வழியில்லை. ஐந்து, ஆறு இலக்கம் தரும் அட்டவணை வேண்டும், அல்லது கணினி.

இந்தச் சிக்கல் 2.5-ஐத் தாண்டியதுமே தலைகாட்டத் தொடங்கும். 99.5-க்கு .4950 தேடினால் 2.57-க்கு .4949, 2.58-க்கு .4951, நடுவே எடுத்தால் 2.575. உண்மையில் அது 2.5758. மூன்றாம் இடமே ஆடிவிட்டது பாருங்கள்.

என் விடை சரியான்னு எக்செல்ல பார்க்க முடியுமா?

முடியும். எக்செலின் NORM.S.DIST சார்பு, TRUE என்று கொடுத்தால், இடக்கோடியிலிருந்து சேர்த்த பரப்பைத் தரும்; NORM.S.INV அந்தப் பரப்பிலிருந்து z-ஐத் தரும். எனவே நடுவிலிருந்து எண்ணும் அட்டவணையோடு ஒப்பிடும்போது 0.5-ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

```
=NORM.S.DIST(-1.2963,TRUE)
=NORM.S.INV(0.98)
```

முதலாவது 0.0974, இரண்டாவது 2.0537. நான்காம் இலக்கத்தில் ஒன்று மாறினால் அது அட்டவணை முழுமையாக்கியதால் வந்தது, விட்டுவிடலாம். z 2.5-ஐத் தாண்டாதபோதும் மூன்றாம் இலக்கமே மாறினால் இடைச்செருகலைக் குறை சொல்லாதீர்கள். கட்டத்தையோ நிரையையோ தவறாக எடுத்திருப்பீர்கள், அல்லது ஸ்கேனில் ஒரு 3, 8 ஆகியிருக்கும்.